37 வயது அண்ணிக்கு ஹார்ட் அட்டாக், அடைப்பு 80 சதவீதம், ஸ்டென்ட் வைக்காமல் அனுப்பிவிட்டார்கள். சரியா?

கெடிலக்கரை, 2024 பிப்ரவரி 6, இரவு 9.12

அண்ணிக்கு 37 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. எல்டிஎல் 92. இரண்டாவது பிரசவம் ஆகி மூன்றாவது வாரம் நடு நெஞ்சில் இறுக்கம், தாடைவரை வலி, வியர்வை. கடலூரில் முதலில் காட்டிய இடத்தில் ஈசிஜி நார்மல், கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஐந்து மணி நேரத்தில் வலி திரும்பியது. வேறு இடத்தில் ஈசிஜியில் மாற்றம், ரத்தத்தில் இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ஏறியிருந்தது. 108-ல் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் அன்றிரவே ஆஞ்சியோ எடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது: இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொடுக்கும் எல்ஏடி குழாயின் நடுப்பகுதி முதல் கடைசிப் பகுதிவரை நீளமான வழுவழுப்பான சுருக்கம், அதிகபட்சம் 80 சதவீதம், டிமி 3 ஃப்ளோ, டைப் 2 ஸ்காட், அதாவது இதயக் குழாயில் தானாக வரும் டிசெக்ஷன், கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட். எக்கோவில் பம்பிங் 48 சதவீதம், இதயத்தின் நுனி சரியாக அசையவில்லை. ஐந்து நாள் ஐசியூவிலும் வார்டிலும் வைத்திருந்துவிட்டு மெட்டோப்ரோலால் 25 காலை இரவு, ஆஸ்பிரின் 75 மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டென்ட் இல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரைகூட இல்லை.

வீட்டில் எல்லோரும் அண்ணனைத் திட்டுகிறார்கள், பணம் கட்ட யோசித்ததால்தான் ஸ்டென்ட் வைக்கவில்லை என்று. காப்பீடு இருந்தது, பணம் பிரச்சினையே இல்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

மஞ்சக்குப்பம், 2024 பிப்ரவரி 6, இரவு 9.40

அடைப்பு 70-க்கு மேல் போனால் ஸ்டென்ட், இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 17 வருஷமாக இதய மருந்துக் கம்பெனியில் இருக்கிறேன், எத்தனை கார்டியாலஜிஸ்ட் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் அட்டாக் வந்தவருக்கு அடோர்வாஸ்டாட்டின் 80, ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரை, இரண்டும் கட்டாயம். இரண்டும் இல்லாத சம்மரியை நான் பார்த்ததில்லை. இரண்டாவது கருத்து உடனே வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம், 2024 பிப்ரவரி 6, இரவு 10.05

டிசெக்ஷன்னா சாதாரணம் இல்ல தம்பி. எங்க பெரியப்பா பையனுக்கு இதேதான் வந்துச்சு. ராத்திரியே சென்னைக்குத் தூக்கிட்டுப் போய் நெஞ்சப் பொளந்து ஆபரேஷன் பண்ணாங்க. மணிக்கணக்குல தள்ளிப்போட்டா ஆளே போயிடும்னு டாக்டர் சொன்னார். நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே!

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 6, இரவு 11.31

நெல்லிக்குப்பம் அண்ணே, உங்கள் பெரியப்பா மகனுக்கு வந்தது மகாதமனியில் கிழிசல். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் அது. அதன் மேல்பகுதி கிழிந்தால் அன்றே அறுவை என்பது சரி. இவருக்கு வந்தது இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் இரண்டு மில்லிமீட்டர் குழாயின் சுவருக்குள். இரண்டிலும் டிசெக்ஷன் என்று எழுதுவார்கள், வைத்தியம் நேர் எதிர். கெடிலக்கரை வீட்டில் யாரும் இதைப் படித்துவிட்டுப் பதறவேண்டாம்.

மஞ்சக்குப்பம் சார் சொன்ன 70 சதவீதக் கணக்கு கொழுப்பு அடைப்புக்கு உரியது. அது எங்கே பொருந்தும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு குழாயின் உள்தோலுக்கு அடியில் இருபது முப்பது வருஷமாகச் சேர்கிறது. ஒரு நாள் அதன் மூடி வெடிக்கிறது. வெடித்த இடத்தில், ரத்தம் ஓடும் பாதையிலேயே, கட்டி உறைகிறது. அதனால் கட்டியைக் கரைக்கும் மருந்து, உறையாமல் தடுக்கும் மருந்து, வெடித்த இடத்தை நசுக்கிப் பிடிக்கும் ஸ்டென்ட், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எல்லாவற்றுக்கும் அங்கே வேலை உண்டு.

ஸ்காட்டில் கொழுப்பு காரணமே இல்லை. குழாயின் சுவரில் மூன்று அடுக்கு. உள்தோலில் சிறு கிழிசல் விழுந்து ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகலாம். அல்லது சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய் ஒன்று உடைந்து உள்ளுக்குள்ளேயே கசியலாம். எப்படி வந்தாலும் சுவருக்குள் ரத்தக்கட்டு உருவாகி வீங்குகிறது, அந்த வீக்கம் உள்பாதையை வெளியிலிருந்து அமுக்குகிறது. ஆஞ்சியோ படத்தில் தெரியும் 80 சதவீதம் இந்த அமுக்கம்தான். பாதைக்குள் பெரும்பாலும் கட்டியே இருக்காது. சுவருக்குள் தேங்கிய ரத்தத்தை உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும். உடம்பில் அடிபட்டுக் கன்றிய இடம் மறைவதுபோல அதற்கும் சில வாரம் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் குழாய் பழைய அகலத்துக்கு வந்திருந்தது. இந்த ஒரு விஷயம்தான் உங்கள் சம்மரியில் உள்ள 'கன்சர்வேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது.

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 6, இரவு 11.50

விட்டுப்போனது. இது அபூர்வ நோய் என்று நாங்கள் படித்தோம். 1931-ல் முதன்முதலாகப் பதிவானதே ஒரு 42 வயதுப் பெண்ணின் பிரேதப் பரிசோதனையில்தான். இன்று 50 வயதுக்குக் கீழே மாரடைப்பு வரும் பெண்களில் நான்கில் ஒருவருக்கு, சில தொகுப்புகளில் மூன்றில் ஒருவருக்கு, காரணம் இது. கர்ப்பம், பிரசவம் ஒட்டி வரும் மாரடைப்புக்கு முதல் காரணம் இதுவே, அதிலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதம். பால் கொடுக்கும் பெண் நெஞ்சு வலி என்று வந்தால் கேஸ் என்று அனுப்பக்கூடாது. முதல் ஈசிஜியும் முதல் ட்ரோபோனினும் நார்மலாக இருக்கலாம். மூன்று மணி நேரம் உட்காரவைத்து இரண்டையும் மறுபடி எடுத்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

மஞ்சக்குப்பம், 2024 பிப்ரவரி 7, காலை 7.18

விளக்கம் புரிகிறது. ஆனால் குழாய் குழாய்தானே? அமுக்கியது கொழுப்பா, ரத்தக்கட்டா என்பது இதயத் தசைக்குத் தெரியாது. ரத்தம் போகவில்லை என்றால் தசை சாகும். ஸ்டென்ட் உள்ளேயிருந்து தள்ளித் திறந்துவிடுமே. அதில் என்ன கெட்டுப்போகும்?

தட்டாஞ்சாவடி, 2024 பிப்ரவரி 7, மதியம் 2.26

ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேப்பில் டெக்னீஷியன் நான். மஞ்சக்குப்பம் சார் கேட்ட 'என்ன கெட்டுப்போகும்' என்பதை டேபிளில் பார்க்கிறவன் சொல்கிறேன்.

முதல் சிக்கல் வயர். ஸ்டென்ட் எதுவானாலும் 0.014 இஞ்ச் கைடு வயர்மேல்தான் போகும். கிழிந்த குழாயில் இரண்டு பாதை, நிஜப் பாதை ஒன்று, சுவருக்குள் பொய்ப் பாதை ஒன்று. எக்ஸ்ரே படத்தில் வயர் எதில் போகிறது என்று பல சமயம் தெரியாது. பொய்ப் பாதையில் நுழைந்துவிட்டுத் தெரியாமல் பலூனை ஊதினால், ஓடிக்கொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் நிற்கும்.

வயர் சரியாகப் போனாலும் இரண்டாவது சிக்கல் இருக்கிறது. நம்ம ஊர் கடற்காற்றுக்கு பெயின்ட் அடித்த சுவரில் ஈரம் இறங்கி உப்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். உப்பலின் நடுவில் விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் நீர் காணாமல் போகாது, பக்கவாட்டில் நகர்ந்து இன்னும் கொஞ்சம் பெயின்ட்டைப் பிரிக்கும். ஸ்டென்ட் விரியும்போது ரத்தக்கட்டுக்கும் அதே கதை. நடுவில் திறக்கும், ஸ்டென்டின் இரு முனைக்கு அப்பால் புதிதாக அடைக்கும். அதைப் பிடிக்க இன்னொரு ஸ்டென்ட், அதன் முனையில் மறுபடி. ஒன்று போதும் என்று தொடங்கியது மூன்று நான்கில் போய் முடியும்.

மூன்றாவது, கெடிலக்கரை சொன்ன எல்ஏடி நடு முதல் கடைசிவரை என்றால் நீளம் எளிதாக 40, 50 மில்லிமீட்டர் வரும், கடைசியில் அகலம் 2 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ. இவ்வளவு சின்னக் குழாயில் இவ்வளவு நீளத்துக்கு இரும்பு வைத்தால் பின்னால் உள்ளே சதை வளர்ந்து மூடும் வாய்ப்பு அதிகம்.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை. வீக்கம் இருக்கும்போது அளந்து ஸ்டென்ட் வைக்கிறோம். இரண்டு மாதத்தில் ரத்தக்கட்டு வற்றிக் குழாய் விரிந்துவிடும். அப்போது ஸ்டென்ட் சுவரில் ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும். அந்த இடைவெளியில் ரத்தம் உறையலாம். தானாக ஆறியிருக்க வேண்டிய குழாயில் 37 வயதில் வாழ்நாள் முழுவதும் இரும்பு.

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 7, இரவு 10.44

தட்டாஞ்சாவடி தம்பி சொன்னதற்கு மேல் ஒரே ஒரு வரி. வயர் வரைக்கும்கூடப் போகவேண்டாம், ஆஞ்சியோ கேத்தடரின் நுனியே இவர்கள் குழாயைக் கிழிக்கலாம். சுவர் அவ்வளவு பலவீனம். ஆழமாகச் செருகாமல், அழுத்தி டை அடிக்காமல், தேவைக்கு மேல் ஒரு ஷாட்கூட எடுக்காமல் வெளியே வருவது ஒரு திறமை. உங்கள் அண்ணிக்குப் பார்த்தவர் அதைச் செய்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

இனி மஞ்சக்குப்பம் சாரின் நியாயமான பாதி. ரத்தம் போகாவிட்டால் தசை சாகும் என்பது உண்மை. அதனால் கேள்வி சதவீதத்தைப் பற்றியதல்ல, ரத்தம் போகிறதா என்பதைப் பற்றியது. சம்மரியில் டிமி 3 ஃப்ளோ என்று இருக்கிறது அல்லவா? டை முழு வேகத்தில் கடைசிவரை போய்ச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள். ஆஞ்சியோ முடிந்தபோது அண்ணிக்கு வலி இருந்ததா, பிரஷர் எவ்வளவு, மானிட்டரில் துடிப்புக் கோளாறு ஏதாவது வந்ததா என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை, 2024 பிப்ரவரி 8, காலை 6.55

கேட்டேன். ஆஞ்சியோ டேபிளிலேயே வலி நின்றுவிட்டதாம். பிரஷர் 118/76. துடிப்புக் கோளாறு எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் லேசாக வலித்தபோது ஈசிஜியும் ட்ரோபோனினும் திரும்ப எடுத்திருக்கிறார்கள், ட்ரோபோனின் முந்தைய நாளைவிடக் குறைந்திருந்தது. ஆஞ்சியோவின்போது குழாய்க்குள்ளேயே ஒரு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி படம் எடுத்தார்களாம். அது ஏன்?

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 8, இரவு 9.20

அது நைட்ரோகிளிசரின், நூறு இருநூறு மைக்ரோகிராம். குழாய் வெறும் இழுப்பால் சுருங்கியிருந்தால் அது கொடுத்ததும் விரியும். விரியவில்லை என்றால் இழுப்பு இல்லை. அந்த டாக்டர் கண்ணால் முடிவு கட்டாமல் படிப்படியாகப் போயிருக்கிறார்.

படத்தை எப்படிப் படித்திருப்பார் என்று சொல்கிறேன். ஸ்காட் ஆஞ்சியோவில் மூன்று முகம் காட்டும். கிழிசல் பளிச்சென்று தெரிந்து டை சுவருக்குள் கறையாக நிற்பது டைப் 1. புத்தகத்தில் வரும் படம் இதுதான், நிஜத்தில் குறைவு. மூன்றில் இரண்டு பேருக்கு வருவது டைப் 2. குழாய் மேலே நல்ல அகலமாக வரும், ஒரு கிளை பிரியும் இடத்தில் சட்டென்று மெலியும், பிறகு நூல்போலச் சீராகவே போகும். கிழிசலும் தெரியாது, கறையும் தெரியாது. அனுபவம் இல்லாதவர் 'இந்தம்மாவுக்குக் குழாயே சின்னது, நார்மல்' என்று எழுதிவிடுவார். டைப் 3 குட்டையாக இருக்கும், கொழுப்பு அடைப்புபோலவே ஏமாற்றும். அங்கே மட்டும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கவேண்டி வரலாம், அதற்கும் வயர் போடவேண்டும், டை அழுத்தவேண்டும் என்பதால் சந்தேகம் இல்லாதபோது யாரும் விடமாட்டோம்.

அண்ணிக்கு மற்றக் குழாய்களில் ஒரு துளி கொழுப்பும் இல்லை, வயது 37, பிரசவம் முடிந்து மூன்று வாரம், எல்ஏடியின் பின்பாதி. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ரத்தம் முழுதாக ஓடுகிறது, வலி நின்றுவிட்டது, பிரஷர் நிலையாக இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் கைவைக்காமல் விடுவதே சரி.

கைவைத்தே ஆகவேண்டிய நிலைமையும் உண்டு. வலி நிற்காமல் ஈசிஜி மோசமானால், பிரஷர் இறங்கினால், உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், கிழிசல் இடது முதன்மைக் குழாயில் இருந்தால், அல்லது பெரிய குழாயின் தொடக்கத்திலேயே ரத்தம் அடியோடு நின்றிருந்தால். அப்போதும் படம் அழகாக வரவேண்டும் என்று பார்ப்பதில்லை. சின்ன பலூனால் லேசாகத் தட்டி ரத்தம் ஓடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஸ்டென்ட் தேவைப்பட்டால் கட்டின் இரண்டு எல்லையையும் தாண்டிப் போகும் நீளத்தில் எடுக்கவேண்டும். பைபாஸ் கடைசி வழி, உயிரைக் காக்கும். பின்னால் சொந்தக் குழாய் ஆறித் திறந்துகொள்வதால் ஒட்டிய குழாய் வேலையில்லாமல் மூடிப்போவது சகஜம்.

ஐந்து நாள் வைத்திருந்ததற்கும் காரணம் இருக்கிறது. கட்டு வளர்ந்து நிலைமை மாறுவதென்றால் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் மாறும். பத்தில் ஒருவருக்கோ அதற்குக் குறைவாகவோ அப்படி ஆகிறது. மறுநாளே அனுப்பியிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

பண்ருட்டி டூட்டி, 2024 பிப்ரவரி 9, நள்ளிரவு 12.37

சார், எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. எனக்கு கேத் லேப் கிடையாது. 34 வயதுப் பெண், பிரசவமாகி பத்து நாள், ஈசிஜியில் மாரடைப்பைக் காட்டும்படி எஸ்டி பகுதி தூக்கியிருக்கிறது. என் கையில் டெனெக்டெப்ளேஸ் இருக்கிறது. நெறிமுறைப்படி போட்டு அனுப்பவேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கட்டி கரைக்கும் மருந்து சுவருக்குள் ரத்தத்தை இன்னும் கசியவிடும். போடவா, வேண்டாமா?

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 9, காலை 6.10

ஈசிஜியை வைத்து ஸ்காட்டா கொழுப்பா என்று உங்களாலும் சொல்லமுடியாது, என்னாலும் முடியாது. கரைக்கும் மருந்தால் கிழிசல் நீண்டு மோசமானவர்கள் உண்டு என்பதும் உண்மை. அதனால் நேரக் கணக்குதான் வழி. இரண்டு மணி நேரத்துக்குள் வயர் போடும் இடத்துக்குச் சேர்க்கமுடியும் என்றால் மருந்தைப் போடாமல் ஏற்றி அனுப்புங்கள். பண்ருட்டியிலிருந்து அது முடியும். கிளம்பும்முன் போன் செய்து 'பிரசவம் ஆனவர், ஸ்காட் சந்தேகம்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், இங்கே கேத்தடர் பிடிக்கும் கையே மாறும்.

பண்ருட்டி டூட்டி, 2024 பிப்ரவரி 9, காலை 6.48

வெள்ளம் வந்து ரோடு அடைபட்ட ராத்திரி என்றால்? 2015 போல.

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 9, இரவு 8.02

ஆஸ்பிரின் கொடுத்து, யாரையாவது போனில் பிடித்து, சேர்ந்து முடிவெடுக்கவேண்டும். எஸ்டி தூக்கியே இருக்கிறது, வலி நிற்கவில்லை, வழியும் இல்லை என்றால், ஒரு ஊகத்தை நம்பிக் கரைக்கும் மருந்தை மறுப்பதும் ஆபத்து. 34 வயதிலும் கொழுப்பு அடைப்பு வருகிறது, பிரசவத்தையொட்டி வெறும் ரத்தக்கட்டி அடைப்பதும் உண்டு. என் சக டாக்டர்கள் சிலர் போடவே கூடாது என்பார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

முத்தியால்பேட்டை, 2024 பிப்ரவரி 10, மாலை 4.15

எனக்கு 46 வயதில் இதே ஸ்காட் வந்தது, ஸ்டென்ட் வைக்கவில்லை. கெடிலக்கரை தம்பிக்கு யாரும் சொல்லாத ஒன்று. வீட்டுக்கு வந்தபிறகும் பல மாதம் நெஞ்சு வலி வரும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடும். ஒவ்வொரு தடவையும் இன்னொரு அட்டாக் என்று தோன்றும். எனக்குக் கொடுத்த விதி, ஓய்வாக உட்கார்ந்து நைட்ரேட் மாத்திரை நாக்குக்கு அடியில் வைத்தும் பத்து நிமிஷத்தில் குறையாத வலி, அல்லது முதல் தடவை வந்த அதே மாதிரி வலி என்றால் நேராக மருத்துவமனை, ஈசிஜி, ட்ரோபோனின். மற்ற வலியை எழுதி வைத்து அடுத்த செக்கப்பில் காட்டவேண்டும். போகிற இடத்தில் எல்லாம் ஆஞ்சியோ சிடியும் சம்மரியும் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'கொழுப்பு இல்லை, உங்களுக்கு டென்ஷன்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

படுத்தே கிடக்கச் சொல்லாதீர்கள். நடக்கவேண்டும், மெதுவாகக் கூட்டவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுதான் கூடாது. பெண்களுக்கு 9 முதல் 14 கிலோ வரை என்று எனக்குச் சொன்னார்கள். கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ பக்கம் வரும், அதைத் தொடவே வேண்டாம். தண்ணீர்க் குடமும் வேண்டாம். குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்குவதும் அதே கணக்குதான்.

மஞ்சக்குப்பம், 2024 பிப்ரவரி 10, இரவு 9.33

அக்கா சொன்னது உபயோகமாக இருக்கும். நான் மாத்திரையை விடவில்லை. ஸ்டாட்டின் ஏன் இல்லை? ஆஸ்பிரினோடு சேர்க்கும் குளோபிடோக்ரெல் ஏன் இல்லை?

வெள்ளவாரி, 2024 பிப்ரவரி 11, காலை 10.27

ஸ்டாட்டின் கொழுப்புக்கு. எல்டிஎல் 92, சர்க்கரை இல்லை, மற்றக் குழாய்கள் சுத்தம், அதோடு பால் கொடுக்கிறார். எதற்காகக் கொடுப்பது? நாளை இவருக்குச் சர்க்கரை வந்தாலோ கொலஸ்ட்ரால் ஏறினாலோ எல்லோருக்கும் கொடுப்பதுபோல அந்தக் காரணத்துக்காகக் கொடுக்கலாம்.

குளோபிடோக்ரெல் விஷயத்தில் நீங்கள் கேட்பது நல்ல கேள்வி, கட்சி இன்னும் பிரிந்தேதான் கிடக்கிறது. உள்தோலில் கிழிசல் இருக்கிறது, அதில் கட்டி உறையாமலிருக்க இரண்டு மாத்திரையும் சில மாதமாவது வேண்டும் என்பது ஒரு தரப்பு. சுவருக்குள் கசிவுதான் நோயே, கசிவைக் கூட்டும் மருந்தை ஏன் இரட்டிப்பது என்பது மறு தரப்பு. ஸ்டென்ட் இல்லாமல் பார்க்கப்பட்டவர்களை ஐரோப்பியப் பதிவேடு ஒன்றில் தொகுத்துப் பார்த்தபோது இரண்டு மாத்திரை சாப்பிட்டவர்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அது சோதனை ஆய்வல்ல, அதை வைத்து அடித்துப் பேசமுடியாது. நான் ஆஸ்பிரின் மட்டும் கொடுப்பவன். என் பக்கத்து ரூம் டாக்டர் ஒரு மாதம் இரண்டும் கொடுப்பார். ஸ்டென்ட் வைத்திருந்தால் பேச்சுக்கு இடமில்லை, இரண்டும் வேண்டும். அட்டாக் வந்தவுடன் எல்லோருக்கும் போடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியை ஸ்காட் என்று தெரிந்த நிமிஷமே நிறுத்திவிடுவதில் மட்டும் எங்களுக்குள் பெரிதாகச் சண்டை இல்லை.

இவருக்கு முக்கியமான மாத்திரை மெட்டோப்ரோலால். மறுபடி வருவதைக் குறைக்கிறது என்று ஓரளவு தரவு இருப்பது பீட்டா பிளாக்கருக்குத்தான். பிரஷர் ஏறுவது மறுபடி வருவதைக் கூட்டுகிறது. பல ஆண்டு பின்தொடர்ந்தால் பத்தில் ஒருவர் முதல் மூவர்வரை மறுபடி வருகிறது, அதுவும் அநேகமாக வேறு இடத்தில். பழைய இடத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதைத் தடுத்திருக்காது. பால் கொடுப்பவருக்கு அடெனோலாலைவிட மெட்டோப்ரோலால் ஏற்றது, அதைத் தேர்ந்தெடுத்திருப்பதும் யோசித்துச் செய்த காரியம்.

கெடிலக்கரை, 2024 மார்ச் 17, இரவு 8.50

ரிவ்யூவுக்குப் போய் வந்தோம். எக்கோவில் பம்பிங் 58. தலை முதல் இடுப்புவரை சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். மூளைக் குழாய்கள் நார்மல். வலது சிறுநீரகக் குழாய் பாசிமணி கோத்தமாதிரி இருக்கிறதாம், எஃப்எம்டி என்று எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கு வந்ததற்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் புதுப் பயம் கிளம்பிவிட்டது.

வெள்ளவாரி, 2024 மார்ச் 18, இரவு 10.15

புது நோய் இல்லை, அதே கதையின் முன்பக்கம். இது சுவரின் நோய் என்று சொன்னேன் அல்லவா? நடுத்தர அளவுக் குழாய்களின் சுவர் ஒழுங்கில்லாமல் அமைந்திருப்பது எஃப்எம்டி. ஸ்காட் வந்தவர்களைத் தேடிப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்காவது கிடைக்கிறது, சிறுநீரகத்தில், கழுத்தில், இடுப்பில். அதற்காகத்தான் ஒரே ஒரு தடவை முழுதாகப் பார்க்கிறோம். மூளையில் குழாய் புடைத்திருக்கிறதா என்பதுதான் நான் முதலில் தேடுவது, அது இல்லை. சிறுநீரகக் குழாய்க்கு இப்போது எதுவும் செய்யவேண்டாம். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி வாரம் இரண்டு நாள் காலை மாலை பார்த்து எழுதுங்கள். 130/80-க்கு மேலேயே நின்றால் வாருங்கள். சிடிக்குப் போட்ட டையால் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை.

அண்ணிக்கு ஒற்றைத் தலைவலி உண்டா? இவர்களில் பலருக்கு இருக்கும். இருந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் எர்கோடமின் சேர்ந்த மாத்திரைகளும், டாக்டர் எழுதும் டிரிப்டான் வகையும் வேண்டாம். இரண்டும் குழாயைச் சுருக்கும்.

கெடிலக்கரை, 2024 மார்ச் 18, இரவு 10.58

உண்டு. பத்து வருஷமாக. கடையில் வாங்கிப் போடுவார், பெயர் பார்த்தேன், எர்கோடமின்தான். எடுத்துப் போட்டுவிட்டேன். வெறும் பாராசிட்டமால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று அண்ணன் கேட்கச் சொன்னார். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு. ஊர் நர்ஸ் கருத்தடை மாத்திரை கொடுக்கட்டுமா, அல்லது அண்ணிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குத் தேதி போடட்டுமா என்கிறார்.

முத்தியால்பேட்டை, 2024 மார்ச் 19, காலை 9.04

மாத்திரை வேண்டாம் என்று எனக்கும் கண்டிப்பாகச் சொன்னார்கள். காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பிரினால் போக்கு அதிகமாக இருந்தால் ஹார்மோன் லூப்.

வெள்ளவாரி, 2024 மார்ச் 19, இரவு 9.41

அக்கா சொன்னதே. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கூடாது. லூப் இரண்டு வகையும் ஆகும், ஹார்மோன் லூப்பின் மருந்து பெரும்பாலும் கருப்பையோடு நின்றுவிடும். வேறொரு பெண் இதே நிலைமையில் இன்னொரு குழந்தை வேண்டும் என்று வந்தால் அந்தப் பேச்சு நீளமானது. பெரும்பாலும் வேண்டாம் என்கிறோம், ஆனாலும் பெற்று நன்றாக இருப்பவர்களும் உண்டு. அதை முகம் பார்த்துத்தான் பேசவேண்டும்.

ஆபரேஷன் அவசரமில்லை. மாரடைப்பு வந்து 60 நாளாவது ஆகாமல் தள்ளிப்போடக்கூடிய எந்த ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து கொடுப்பதில்லை. அதற்குப் பிறகும் வயிற்றில் காற்று நிரப்பிச் செய்வதை இவருக்கு நான் விரும்பமாட்டேன். அண்ணனிடம் கேளுங்கள். ஆண்களுக்குத் தழும்பில்லாக் கருத்தடை அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், மரப்பு ஊசி போதும், அன்றே வீடு. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வரும்வரை ஆணுறை வேண்டும்.

கெடிலக்கரை, 2024 மார்ச் 20, காலை 7.30

அண்ணன் சரி என்றுவிட்டார். வியாழக்கிழமை போகிறோம்.